செ.மீ.யையும் கிராமையும் எப்படி ஒப்பிடுறது? மாறுபாட்டுக் கெழு போட படிப்படியா ஒரு வழிகாட்டி

ஒரே கூட்டத்த ரெண்டு விதமா அளந்து வச்சிருக்கீங்க, ஒரு அளவு செ.மீ.ல இருக்கு, இன்னொண்ணு கிராம்ல இருக்கு, இப்ப இதுல எது அதிகமா சிதறி இருக்குன்னு சொல்லணும். திட்ட விலக்கத்த அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்க முடியாது, 1.3 செ.மீ. பெருசா 19 கிராம் பெருசான்னு கேட்டா அதுக்கு பதிலே கிடையாது. இதுக்குத்தான் மாறுபாட்டுக் கெழு, எல்லாரும் சுருக்கமா சி.வி.ன்னு சொல்றது. சூத்திரம் எந்தப் புத்தகத்துலயும் ஒரே வரிதான், திட்ட விலக்கத்த சராசரியால வகுத்து நூறால பெருக்கு, முடிஞ்சது. ஆனா அந்த நம்பர் வந்ததுக்கு அப்புறம் அதை வச்சு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாதுன்னு ஒரே இடத்துல எழுதி நான் பாக்கல, அங்கங்க தேடி ஒட்டிச் சேத்துதான் புரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு. புதுசா வர்றவங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்னுதான் இத எழுதுறேன்.

ஒரே ஒரு உதாரணத்த எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் போவோம். ஒரே குளத்துல, ஒரே வயசுல உள்ள 8 மீன், ஒவ்வொண்ணுக்கும் நீளமும் எடையும். நம்பர்கள் கணக்கு எளிமையா வரணும்னு நானே அமைச்சது, நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

| மீன் | நீளம் (செ.மீ.) | எடை (கிராம்) |
|---|---|---|
| 1 | 18 | 70 |
| 2 | 19 | 88 |
| 3 | 20 | 98 |
| 4 | 20 | 104 |
| 5 | 21 | 112 |
| 6 | 21 | 118 |
| 7 | 22 | 128 |
| 8 | 19 | 82 |

## 1. முதல்ல கையில என்னென்ன இருக்கணும்

கணக்கு போட அஞ்சு நிமிஷம் கூட ஆகாது, எக்செல் இருந்தா போதும், காசு செலவு பண்ண வேணாம்னா லிபரே ஆபிஸ் இலவசமாவே கிடைக்குது, அதுலயும் இதே ஃபங்ஷன்கள்தான். நேரம் எல்லாம் போறது டேட்டாவ சரிபாக்குறதுலதான், அதுக்கு தனியா நேரம் ஒதுக்கிக்கோங்க.

ஒவ்வொரு அளவுக்கும் மூணு விஷயம் எழுதி வச்சிருக்கணும். என்ன யூனிட்டு, எந்தக் கருவி, அந்தக் கருவியோட மிகச்சின்ன அளவு என்ன. கூடவே எங்கேருந்து எங்க வரைக்கும் அளந்தீங்கன்னும் எழுதணும். மீனுக்கு மூக்கு நுனியில ஆரம்பிச்சு வால் நுனி வரைக்கும் அளக்குறவங்க இருக்காங்க, வால் பிளவு வரைக்கும் மட்டும் அளக்குறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு விதமா அளந்து ஒரே பத்தியில போட்டுட்டா, மீன்ல இல்லாத சிதறல் உங்க டேட்டாவுல வந்து உக்காந்துக்கும். எடையிலயும் அப்படித்தான், ஈரத்த துடைச்சுட்டு நிறுத்தது பாதி, துடைக்காம நிறுத்தது பாதின்னு இருக்கக் கூடாது.

## 2. உங்க அளவுக்கு உண்மையான பூஜ்யம் இருக்கான்னு பாருங்க

இந்தப் படிய யாரும் தாண்டிடாதீங்க, பாதிப் பேர் இதைப் பாக்காமலே சூத்திரத்துல போட்டுடுறாங்க. சி.வி.ங்குறது சராசரியால வகுக்குறது, அதனால அந்தச் சராசரி பூஜ்யத்துலேருந்து எவ்வளவு தூரத்துல இருக்குங்குறது அர்த்தமுள்ளதா இருக்கணும். நீளம் பூஜ்யம்னா நீளமே இல்ல, எடை பூஜ்யம்னா எடையே இல்ல. பிரச்சனை இல்ல, தாராளமா போடலாம்.

வெப்பநிலைக்கு வாங்க. குளத்துத் தண்ணி அஞ்சு காலையில 8, 9, 10, 11, 12 டிகிரி செல்சியஸ்னு வச்சுக்குவோம். சராசரி 10, திட்ட விலக்கம் 1.58, சி.வி. 15.8%. அதே அஞ்சு அளவையும் ஃபாரன்ஹீட்டுக்கு மாத்துங்க, சராசரி 50, திட்ட விலக்கம் 2.85, சி.வி. 5.7% ஆயிடுது. கெல்வின்ல போட்டா சராசரி 283.15, சி.வி. 0.56%தான். தண்ணி அதே தண்ணி, ஆனா பதில் மூணு. ஏன்னா செல்சியஸ்லயும் ஃபாரன்ஹீட்லயும் பூஜ்யம்ங்குறது ஆளுங்க வச்சுக்கிட்ட ஒரு இடம், அது நகந்தா சராசரி மாறும், சிதறல் அந்த விகிதத்துல மாறாது. கெல்வின்ல உண்மையான பூஜ்யம் இருக்கு, அதனால கணக்கு செல்லும், ஆனா நீங்க கேக்குற கேள்விக்கு அந்த 0.56% எந்த உதவியும் பண்ணாது. அதனால வெப்பநிலையையும் எடையையும் சி.வி. வச்சு ஒப்பிடவே வேணாம்.

பி.எச். அளவும் இந்த வகைதான், அது மடக்கை அளவு, 7க்கு அர்த்தம் 3.5ஓட ரெண்டு மடங்கு கிடையாது. கழிச்சு வர்ற அளவுகள், அதாவது போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி மைனஸும் பிளஸும் கலந்து வர்றதுக்கும் சி.வி. போடக் கூடாது, சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகப் போக சி.வி. பல ஆயிரம் சதவீதம்னு கூட காட்டும், அதுல ஒரு தகவலும் இருக்காது.

ஒரு சுலபமான சோதனை சொல்றேன். "இது அதைவிட ரெண்டு மடங்கு"ன்னு உங்க அளவ வச்சு சொல்ல முடியுதா? இந்த மீன் அந்த மீனவிட ரெண்டு மடங்கு எடைன்னு சொல்லலாம். 20 டிகிரி செல்சியஸ் 10 டிகிரியவிட ரெண்டு மடங்கு சூடுன்னு சொல்ல முடியாது. சொல்ல முடிஞ்சா மட்டும் அடுத்த படிக்குப் போங்க.

## 3. ஒரு பத்திக்குள்ள ஒரே யூனிட்டுதானான்னு சரிபாருங்க

சி.வி.க்கு யூனிட்டு கிடையாது, செ.மீ.ல போட்டாலும் மி.மீ.ல போட்டாலும் ஒரே பதில்தான், மேல கீழ ரெண்டுலயும் ஒரே மடங்கு ஏறுறதால வெட்டுப்பட்டுப் போயிடுது. இதக் கேட்டுட்டு அப்ப யூனிட்ட பத்தி கவலையே வேணாம்னு நெனச்சுக்குறாங்க, அங்கதான் பொறி. மொத்தப் பத்தியும் ஒரே யூனிட்டுல இருந்தாத்தான் அது வெட்டுப்படும்.

நம்ம டேட்டாவுல மூணாவது மீன மட்டும் யாரோ மி.மீ.ல எழுதிட்டாங்கன்னு வச்சுக்கோங்க, 20க்கு பதிலா 200. நீளத்தோட சராசரி 20லேருந்து 42.5 ஆகுது, திட்ட விலக்கம் 63.7 ஆகுது, சி.வி. 150%க்குப் போயிடுது. சரியான பதில் எவ்வளவு தெரியுமா, 6.5%. இந்த அளவு பெரிய தப்பு கண்ணுல பட்டுடும், ஆனா 500 வரி உள்ள டேட்டாவுல ஒண்ணு ரெண்டு இப்படி இருந்தா சி.வி. கொஞ்சம் அதிகமா இருக்கேன்னு மட்டும் தோணும், காரணம் தெரியாது. அதனால கணக்கு போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பத்தியையும் சின்னதுலேருந்து பெருசுன்னு வரிசைப்படுத்தி மேல அஞ்சு கீழ அஞ்சு மட்டும் பாருங்க. இதுக்கு ஆகுற நேரம் ஒரு நிமிஷம்.

வரிசைப்படுத்தும்போது இன்னொண்ணும் தெரியும், நம்பர்கள் ரெண்டு கும்பலா பிரிஞ்சு நிக்குதான்னு. குஞ்சு மீனையும் வளந்த மீனையும் ஒண்ணா போட்டிருந்தா அப்படி நிக்கும், அப்ப வர்ற சி.வி. வயசு வித்தியாசத்தத்தான் காட்டும். தனித்தனியா பிரிச்சுப் போடுங்க.

## 4. கணக்கு போடுங்க

நீளம் B பத்தியில, எடை C பத்தியில, ரெண்டாவது வரியிலேருந்து ஒன்பதாவது வரி வரைக்கும் இருக்குன்னா இவ்வளவுதான்:

```
=STDEV.S(B2:B9)/AVERAGE(B2:B9)
=STDEV.S(C2:C9)/AVERAGE(C2:C9)
```

செல்ல சதவீதமா மாத்திக்கோங்க. நீளத்துக்கு சராசரி 20, திட்ட விலக்கம் 1.31, சி.வி. 6.5%. எடைக்கு சராசரி 100, திட்ட விலக்கம் 19.4, சி.வி. 19.4%.

இங்க பாக்க வேண்டியது அந்த `STDEV.S`. கடைசியில `.P` போட்டீங்கன்னா 7க்கு பதிலா 8ஆல வகுக்கும், நீளத்தோட சி.வி. 6.1%னு குறைஞ்சு வரும். நம்மகிட்ட இருக்குறது குளத்து மீன்ல ஒரு மாதிரி மட்டும்தான், மொத்த மீனும் இல்ல, அதனால `.S`தான் சரி. பைத்தான்ல போடுறவங்க இத ரொம்ப கவனிக்கணும், நம்பைல சும்மா `np.std` போட்டா அது முழுத்தொகைக்கான கணக்கத்தான் போடும், `scipy.stats.variation`னு நேரடியாவே சி.வி. தர்ற ஃபங்ஷனும் அப்படித்தான், ஆனா பாண்டாஸ்ல `.std()` போட்டா மாதிரிக்கான கணக்கு வரும். ஒருத்தர் ஒண்ணுலயும் இன்னொருத்தர் இன்னொண்ணுலயும் போட்டுட்டு ஏன் பதில் ஒத்து வரலன்னு மண்டைய ஒடைச்சுக்குறது நெறைய நடக்குது. `ddof=1`ன்னு நீங்களே எழுதிடுங்க, குழப்பம் இல்ல:

```
import numpy as np
cv = np.std(x, ddof=1) / np.mean(x)
```

## 5. இங்க நிறுத்தாதீங்க, எத்தனை பரிமாணம்னு பாருங்க

இந்தப் படிக்காகத்தான் இந்தக் கட்டுரையே. நீளம் 6.5%, எடை 19.4%, அப்ப எடை மூணு மடங்கு அதிகமா மாறுதுன்னு எழுதி அனுப்பிடத் தோணும். சூத்திரப்படி தப்பு இல்ல. ஆனா அதுலேருந்து "மீனோட நீளம் நிலையா இருக்கு, எடையிலதான் ஏதோ பிரச்சனை, தீனி ஒழுங்கா போய்ச் சேரல"ன்னு முடிவுக்கு வந்தீங்கன்னா அது தப்பு.

யோசிச்சுப் பாருங்க, ஒரு மீன் அதே உருவத்துல 1% நீளமா ஆனா அகலமும் 1% கூடும், தடிமனும் 1% கூடும், எடை 1.01 × 1.01 × 1.01, அதாவது கிட்டத்தட்ட 3% கூடிடும். நீளத்துல இருக்குற அதே சின்னச் சிதறல் எடைக்குப் போகும்போது மூணு மடங்காத் தெரியும். மீன்கள் எல்லாம் ஒரே உருவம், அளவு மட்டும்தான் வேறன்னு வச்சாலே எடையோட சி.வி. நீளத்தோட சி.வி.யப் போல சுமார் மூணு மடங்கு வந்துதான் ஆகணும். நம்ம டேட்டாவுல 19.4ஐ 6.5ஆல வகுத்தா எவ்வளவு வருது, மூணு. அப்ப எடையில தனியா ஒரு சிதறலும் இல்ல, நீளத்துல இருக்குற சிதறலேதான் வேற உருவத்துல தெரியுது.

சி.வி. யூனிட்டத்தான் நீக்கும், பரிமாணத்த நீக்காது. நீளம் ஒரு பரிமாணம், பரப்பு ரெண்டு, எடையும் கன அளவும் மூணு. இலையோட நீளத்தையும் பரப்பையும் ஒப்பிட்டா ரெண்டு மடங்கு எதிர்பாக்கணும், குண்டோட விட்டத்தையும் எடையையும் ஒப்பிட்டா மூணு மடங்கு.

அப்ப நியாயமா எப்படி ஒப்பிடுறது? எடைய நீளத்தோட தளத்துக்குக் கொண்டு வந்துடுங்க. D பத்தியில ஒவ்வொரு எடைக்கும் கனமூலம் எடுங்க, அதுக்கு சி.வி. போடுங்க:

```
=C2^(1/3)
=STDEV.S(D2:D9)/AVERAGE(D2:D9)
```

70க்கு 4.12, 128க்கு 5.04, இப்படி வரும், சராசரி 4.62, திட்ட விலக்கம் 0.307, சி.வி. 6.6%. நீளத்துக்கு 6.5%, எடைக்கு 6.6%. ரெண்டும் ஒண்ணுதான். முதல்ல பாத்த 19.4%ஐ நம்பி எவ்வளவு வேற மாதிரி முடிவுக்குப் போயிருப்போம் பாருங்க.

இந்த மூணுங்குறத கண்ண மூடிட்டு எடுத்துக்க வேணாம், உங்க டேட்டாவுலயே சோதிக்கலாம். நீளத்துக்கும் எடைக்கும் `LN` போட்டு E, F ரெண்டு பத்தி போடுங்க, அப்புறம்:

```
=SLOPE(F2:F9,E2:E9)
```

நமக்கு 3.02 வருது. மீன்கள்ல இது பொதுவா 3க்குப் பக்கத்துலதான் இருக்கும், வளர வளர குண்டாகுற இனத்துல 3ஐ விட கூட, ஒல்லியா நீளுற இனத்துல கொஞ்சம் கம்மி. உங்களுக்கு 2.6 வந்தா எடைக்கும் நீளத்துக்கும் 2.6 மடங்கு வித்தியாசம் எதிர்பாக்குறது நியாயம். சி.வி. விகிதம் இதைவிட தெளிவா அதிகமா இருந்தா, அப்பதான் எடையில நீளத்துக்குச் சம்பந்தமில்லாத சிதறல் இருக்குன்னு சொல்லலாம், அதாவது ஒரே நீளத்துல சில மீன் குண்டு, சில மீன் ஒல்லி. அந்த நேரத்துல தீனியப் பத்திக் கேள்வி கேக்குறதுல அர்த்தம் இருக்கு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த மடங்கு கணக்கு சி.வி. சின்னதா இருக்குறப்பத்தான் நல்லா ஒத்து வரும், நீளத்தோட சி.வி.யே 30% 40%னு போச்சுன்னா மூணால பெருக்குறத நம்பாதீங்க, கனமூலம் எடுத்தே ஒப்பிடுங்க.

`LN` போட்டோமே, அந்தப் பத்திக்கு நேரா சி.வி. போட்டுடாதீங்க. மடக்கை எடுத்ததும் யூனிட்ட மாத்துனா எல்லா நம்பரும் ஒரே அளவு நகரும், செல்சியஸ்ல பாத்த அதே கோளாறு இங்கயும் வந்துடும்.

## 6. கருவியே எவ்வளவு சிதறல் சேக்குதுன்னு பாருங்க

முழு செ.மீ.க்கு ரவுண்ட் பண்ணி எழுதுனா அந்த ரவுண்டிங்கே ஒரு சிதறலச் சேக்கும். மிகச்சின்ன அளவ 3.46ஆல வகுத்தா (12க்கு வர்க்கமூலம் அது) ரவுண்டிங்கால வர்ற திட்ட விலக்கம் தோராயமா கிடைச்சுடும். 1 செ.மீ.க்கு 0.29. நம்ம 1.31க்கு முன்னாடி அது சின்னது, வர்க்கம் எடுத்துப் பாத்தா அஞ்சு சதவீதம்தான், விட்டுடலாம். ஆனா இதே மீன 50 கிராம் படிக்கு மட்டும் காட்டுற தராசுல நிறுத்திருந்தா தராசே 14 கிராம் சிதறலச் சேத்திருக்கும், மொத்தமே 19 இருக்குற இடத்துல அது பெரிய பங்கு, அந்த டேட்டாவ வச்சு மீனப் பத்தி ஒண்ணும் பேச முடியாது, வேற தராசுல திரும்ப நிறுக்கணும். அளக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இந்த வகுத்தல போட்டுப் பாத்துட்டீங்கன்னா ரெண்டாவது தடவ மீன் பிடிக்க வேண்டியதில்ல.

## 7. எத்தனை அளந்தீங்க, அதுக்கு எவ்வளவு நம்பலாம்

8 மீன் வச்சு வந்த 6.5%ஐ மூணு தசமம் வரைக்கும் எழுதுறதுல அர்த்தமே இல்ல. சி.வி. சின்னதா இருந்து, டேட்டாவும் ஓரளவு மணி வடிவத்துல பரவி இருந்தா, அதோட நிச்சயமின்மை தோராயமா இவ்வளவு:

```
SE = CV / sqrt(2*n)
```

n 8னா 16க்கு வர்க்கமூலம் 4, அதாவது சி.வி.யில கால் பங்கு. 6.5%க்கு 1.6, அப்ப 6.5ங்குறது 5ஆவும் இருக்கலாம் 8ஆவும் இருக்கலாம். இதனாலதான் 6.5க்கும் 6.6க்கும் உள்ள வித்தியாசத்த நான் கணக்குலயே எடுக்கல. ஒருத்தர் 8 மீன் அளந்துட்டு இந்தக் குளம் 6.5%, அந்தக் குளம் 8%, அதனால இது நல்ல குளம்னு சொன்னா ஏத்துக்காதீங்க. 50 அளந்தா நிச்சயமின்மை சி.வி.யில பத்துல ஒரு பங்குக்கு வரும், அந்த மாதிரி வித்தியாசத்தப் பத்திப் பேச ஆரம்பிக்கணும்னா அவ்வளவாவது வேணும், நேரமும் அதுக்குத் தகுந்த மாதிரி திட்டம் போட்டுக்கோங்க.

சின்ன மாதிரியில சி.வி. உண்மையவிட கொஞ்சம் கம்மியா வர்ற பழக்கமும் உண்டு. அதுக்கு `1 + 1/(4*n)` ஆல பெருக்குறாங்க, 8க்கு 1.03, அதாவது 6.5% வந்து 6.7% ஆகும். ரெண்டு பத்தியிலயும் n ஒண்ணா இருந்தா ரெண்டுமே அதே மடங்கு ஏறும், ஒப்பீடு மாறாது. n வேற வேறயா இருந்தா மட்டும் கட்டாயம் போடுங்க.

## 8. எழுதிக் குடுக்கும்போது

வெறும் "சி.வி. = 19.4%"ன்னு எழுதுனா படிக்கிறவங்க எதையும் சரிபாக்க முடியாது. சராசரி, திட்ட விலக்கம், n, எந்தத் திட்ட விலக்கம், இதெல்லாம் கூடவே இருக்கணும், பரிமாணம் வேறன்னா அதுக்கு என்ன பண்ணீங்கன்னும் சொல்லணும். நம்ம மீனுக்கு நான் எழுதுறதா இருந்தா இப்படி எழுதுவேன்:

"8 மீன்கள். மொத்த நீளம்: சராசரி 20.0 செ.மீ., திட்ட விலக்கம் 1.3 செ.மீ., மாறுபாட்டுக் கெழு 6.5%. எடை: சராசரி 100 கிராம், திட்ட விலக்கம் 19 கிராம், மாறுபாட்டுக் கெழு 19%. எடையின் கனமூலத்துக்கு மாறுபாட்டுக் கெழு 6.6%. திட்ட விலக்கம் மாதிரிக்கானது, 7ஆல் வகுத்தது. நீளத்தில் உள்ள மாறுபாட்டுக்கு மேல் எடையில் தனி மாறுபாடு தெரியவில்லை."